ஒரு வரி, 180 பதிவுகள்

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் புதிய வட்டப் பின்னல் மெஷின் வருகிறது. கிரேன் இறக்கி வைக்கிறது. ஃபிட்டர்கள் வந்து பொருத்துகிறார்கள். நூல் ஏற்றி, துணி சரியாக இறங்குகிறதா என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். இதெல்லாம் முடிந்த பிறகு அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் கணினியில் ஒரு படிவத்தைத் திறந்து, பத்துப் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பிச் சேமிக்கிறார். சில நிமிட வேலைதான். ஆனால் அந்தப் படிவத்திலிருந்து அடுத்த 15 ஆண்டுகளுக்கு, மாதம் ஒன்றாக 180 கணக்குப் பதிவுகள் தாமாகவே பேரேட்டில் ஏறும். இடையில் யாரும் எதையும் தட்டச்சு செய்வதில்லை. பெரும்பாலான இடங்களில் யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

அந்தப் படிவம் என்பது நிலைச் சொத்துப் பதிவேட்டின் ஒரு வரி. அலுவலகங்களில் அசெட் ரிஜிஸ்டர் என்பார்கள். மெஷின், கட்டடம், வண்டி, கணினி என்று ஓராண்டுக்கு மேல் உழைக்கப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு வரி இருக்கும். பேரேட்டில் 'இயந்திரங்கள்' என்ற கணக்கைத் திறந்தால் ஒரு கோடியே இருபது லட்சம் என்று மொத்தமாக ஒரு தொகைதான் தெரியும். அதில் எத்தனை மெஷின்கள், எது எந்த ஷெட்டில் நிற்கிறது, எதன் வயது என்ன என்று பேரேடு சொல்லாது. அதைச் சொல்வது பதிவேடு. இரண்டும் ஒரே சொத்தைத்தான் பேசுகின்றன என்றாலும் பல நிறுவனங்களில் அவை சொல்லும் தொகைகள் ஒத்துப்போவதில்லை. ஏன் என்று பார்க்க, மேலே சொன்ன ஒற்றை மெஷினைப் பின்தொடர்ந்தாலே போதும். நிறுவனம் ஒரு பிரைவேட் லிமிடெட் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. விதிகள் இந்தியாவில் உள்ளபடியே.

முதல் கட்டம், விலை. மெஷினின் விலை 17 லட்சம் ரூபாய். ஜிஎஸ்டி தனி. லாரி வாடகையும் இறக்குகூலியும் 30,000. தளம் போட்டு ஒயரிங் செய்ய 40,000. பொருத்திச் சோதித்துக் கொடுக்க 30,000. பதிவேட்டில் ஏற வேண்டிய விலை 17 லட்சம் அல்ல, 18 லட்சம். ஒரு மெஷினை அதன் இடத்தில் ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆன செலவெல்லாம் மெஷினின் விலையோடு சேரும். ஜிஎஸ்டி மட்டும் சேராது, அதை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனமாக இருந்தால். வரி வரவையும் எடுத்துக்கொண்டு, அதே வரித்தொகைக்குத் தேய்மானமும் கேட்க ஜிஎஸ்டி சட்டம் அனுமதிப்பதில்லை.

நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் அந்தச் சிறு பில்களில்தான். மெஷின் பில்லைச் சொத்தில் எழுதிவிடுவார்கள். பத்து நாள் கழித்து வரும் ஃபிட்டர் பில் 'பழுதுபார்ப்புச் செலவு' என்ற கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைகீழாகவும் நடக்கும்: ஊசியும் சிங்க்கரும் மாற்றியது வழக்கமான பராமரிப்புச் செலவு, அதைச் சொத்தில் ஏற்றிவிட்டால், சில மாதங்களில் தேய்ந்து குப்பைக்குப் போகும் ஊசிகளுக்கு 15 ஆண்டு தேய்மானம் எழுதிக்கொண்டிருப்போம். சிலிண்டர் செட்டையே மாற்றினால் அது வேறு விவகாரம். விலை கணிசமானது, ஆயுளும் மெஷினின் ஆயுளிலிருந்து வேறுபடும். அப்படிப்பட்ட முக்கிய பாகத்துக்குத் தனி ஆயுள் வைத்துத் தனியாகத் தேய்மானம் எழுத வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. ஆகவே பதிவேட்டில் அதற்குத் தனி வரி.

அடுத்த கட்டம் தேதி. இதில் ஒன்றுக்கு நான்கு தேதிகள் போட்டிக்கு நிற்கும். பில் தேதி 10-9-2024. மெஷின் வந்து சேர்ந்தது 17-9-2024. சோதனை ஓட்டம் முடிந்து, ஆர்டர் வந்தால் ஓட்டலாம் என்று தயாரானது 1-10-2024. நூல் வரத் தாமதமாகி, உண்மையில் துணி பின்ன ஆரம்பித்தது 7-10-2024. இவற்றில் எதிலிருந்து தேய்மானம்?

நிறுவனத்தின் சொந்தக் கணக்கில், பயன்படுத்தத் தயாராக இருந்த தேதி. அதாவது அக்டோபர் 1. நூல் வராதது மெஷினின் குற்றமல்ல. அதற்கு முன்புவரை செலவழித்த பணமெல்லாம் 'நடைபெறும் மூலதனப் பணி' என்ற இடைக்காலக் கணக்கில் தங்கியிருக்கும். அங்கே இருக்கும்வரை தேய்மானம் கிடையாது. தயாரான அன்று அதைச் சொத்துக் கணக்குக்கு மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. மெஷின் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும். கணக்கில் இன்னும் பொருத்திக்கொண்டே இருப்பார்கள்.

வருமான வரிக் கணக்கில் விதி வேறு. அங்கே தொழிலுக்கு உண்மையில் பயன்படுத்தத் தொடங்கிய தேதியைப் பார்ப்பார்கள். வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம்தான். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாட்கள். அக்டோபர் 7 முதல் எண்ணினால் 176. சாதாரண இயந்திரங்களுக்கு 15 சதவீதம் என்ற விகிதத்தில் 2,70,000 ரூபாய் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில், நூல் ஆறு நாள் தாமதமானதால் 1,35,000தான் கிடைக்கும். மிச்சம் தொலைந்துபோவதில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும். ஆனால் இந்த ஆண்டு வரி கட்டுகிறவருக்கு அது பெரிய ஆறுதல் அல்ல. செப்டம்பர் கடைசியில் மெஷின் விற்பவர்களின் அலைபேசி ஓயாமல் அடிப்பதற்கு இந்த 180 நாள் விதியும் ஒரு காரணம் என்பேன். நம் உதாரணத்தில் நூல் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, அக்டோபர் 1 அன்றே மெஷின் ஓடியது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இப்போது ஆயுள். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொத்து வகைக்கேற்ப ஆயுளைத் தருகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு, மேசை நாற்காலிகளுக்கு 10, கார்களுக்கு 8, கணினிகளுக்கு 3. ஆயுள் முடிந்தபின் பழைய இரும்பாக விற்றால் கிடைக்கக்கூடிய எஞ்சு மதிப்பைச் சாதாரணமாக விலையில் 5 சதவீதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நம் மெஷினுக்கு அது 90,000. எனவே 15 ஆண்டுகளில் செலவாக எழுத வேண்டியது 17,10,000 ரூபாய்.

இதை எப்படிப் பிரிப்பது என்பதுதான் முறை. பள்ளிக் கணக்குப் பதிவியல் புத்தகத்திலேயே வரும் இரண்டுதான் இங்கே பெரும்பாலும் புழங்குகின்றன. நேர்கோட்டு முறையில் எல்லா ஆண்டுக்கும் ஒரே தொகை: 17,10,000ஐ 15ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1,14,000. மாதத்துக்கு 9,500.

குறைந்து செல் மதிப்பு முறையில் ஒவ்வோர் ஆண்டும் அப்போது மிச்சமிருக்கும் மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதம். 15 ஆண்டு முடிவில் சரியாக 90,000 மிஞ்சும்படி அந்தச் சதவீதத்தைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் உண்டு. C விலை, S எஞ்சு மதிப்பு, n ஆண்டுகள்.

```
R = 1 - (S / C)^(1/n)
```

நம் எண்களைப் போட்டால் 18.10 சதவீதம். முதல் முழு ஆண்டில் 3,25,800 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 2,66,830 என்று இறங்கிக்கொண்டே வரும். ஆறாம் ஆண்டுவரை நேர்கோட்டு முறையைவிடக் கூடுதல் செலவு. ஏழாம் ஆண்டில் 98,000 அளவுக்கு வந்து, அதற்குக் கீழே போகும்.

எது சரி? மெஷின் எப்படி உழைக்கிறதோ அதற்குப் பொருந்துவதே சரி என்கின்றன கணக்கியல் தரநிலைகள். புதிதில் பழுதின்றி ஓடி, பிறகு பராமரிப்புச் செலவு ஏறும் மெஷினுக்கு இரண்டாவது முறை நியாயமாகப் படுகிறது. தொடக்கத்தில் தேய்மானம் அதிகம், பின்னால் பராமரிப்பு அதிகம். கூட்டினால் ஆண்டுச் செலவு ஓரளவு சமமாக இருக்கும். கட்டடம், மேசை போன்றவற்றுக்கு நேர்கோடே பொருத்தம். ஆனால் பல நிறுவனங்களில் முறையைத் தீர்மானிப்பது வங்கிக்குக் காட்டும் இலாபம்தான். நேர்கோட்டில் முதல் ஆண்டுகளின் இலாபம் கொழுத்துத் தெரியும். பின்னிய கிலோக் கணக்கில் தேய்மானம் எழுதும் உற்பத்தி அலகு முறையும் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டதே. ஆயுள் முழுவதும் மெஷின் எத்தனை கிலோ பின்னும் என்று முன்கூட்டியே சொல்ல ஆளில்லாததால் நம் ஊரில் அதிகம் பேர் அதன் பக்கம் போவதில்லை.

நம் நிறுவனம் நேர்கோட்டைத் தேர்ந்தெடுக்கிறது. படிவம் நிரம்பியாயிற்று. சேமித்ததும் மென்பொருள் முதலில் செய்வது ஓர் அட்டவணை தயாரிப்பது. 31-10-2024 அன்று 9,500. 30-11-2024 அன்று 9,500. இப்படியே 30-9-2039 வரை 180 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு தொகை, அதுவரை திரண்ட தொகை, பிறகு காலியாக ஒரு கட்டம். அந்தக் காலிக் கட்டத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மாதக் கடைசியில், அல்லது தினமும் இரவில், மென்பொருளின் உள்ளே ஒரு வேலை தானாக எழுந்து எல்லாச் சொத்துகளின் அட்டவணைகளையும் பார்க்கும். தேதி வந்துவிட்ட, ஆனால் காலிக் கட்டம் இன்னும் நிரம்பாத வரிகளை எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஒரு குறிப்பேட்டுப் பதிவு போடும்: தேய்மானச் செலவுக் கணக்குக்குப் பற்று 9,500, திரண்ட தேய்மானக் கணக்குக்கு வரவு 9,500. பதிவின் எண்ணைக் கொண்டுவந்து அந்தக் காலிக் கட்டத்தில் எழுதிவிடும். மறுநாள் அதே வேலை மீண்டும் ஓடினாலும் எண் இருக்கும் வரியைத் தொடாது. ஒரே மாதத் தேய்மானம் இரண்டு முறை ஏறாமல் காப்பது இதுதான்.

எந்தக் கணக்கில் பற்று, எந்தக் கணக்கில் வரவு என்று அதற்கு எப்படித் தெரியும்? படிவத்தில் தேர்ந்தெடுத்த சொத்து வகையிலிருந்து. 'இயந்திரங்கள்' என்ற வகையை முதன்முதலில் உருவாக்கும்போதே அதற்கு மூன்று கணக்குகளை இணைத்து வைத்திருப்பார்கள்: சொத்துக் கணக்கு, திரண்ட தேய்மானக் கணக்கு, தேய்மானச் செலவுக் கணக்கு. எந்தப் பிரிவின் செலவு என்று காட்ட, நிட்டிங் அல்லது காம்பாக்டிங் என்று செலவு மையமும் கூடவே போகும். வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், 180 பதிவுகளும் தவறான கணக்குக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்.

மெஷின் கணக்கில் 18 லட்சம் அப்படியே நிற்பதைக் கவனிக்க வேண்டும். தேய்மானத்தை அதிலிருந்து நேரடியாகக் கழிப்பதில்லை. பக்கத்திலேயே திரண்ட தேய்மானம் தனியாக வளர்கிறது. முதல் மார்ச் 31 அன்று அது ஆறு மாதத்துக்கு 57,000 ஆகியிருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் 18,00,000, கழிக்க 57,000, மிச்சம் 17,43,000 என்று வரும். என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு தேய்ந்தது என்று இரண்டும் தெரியவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

இந்த இடத்தில் முதலாளிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாசம் 9,500 எழுதறீங்களே, அந்தப் பணம் எந்த பேங்க்ல இருக்குதுங்க?" எந்த வங்கியிலும் இல்லை. பணம் மெஷின் வாங்கிய அன்றே போய்விட்டது. அப்போது செலவாக எழுதாமல் விட்டதைத்தான் இப்போது தவணை தவணையாக எழுதுகிறோம். 15 ஆண்டு முடிவில் புது மெஷின் வாங்கப் பணம் தயாராக இருக்கும் என்று திரண்ட தேய்மானக் கணக்கைப் பார்த்து நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அது வேறு பதிவு.

மென்பொருளுக்கு மென்பொருள் பெயர்கள் மாறும். மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய திறமூல மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட்டில், கணக்கு அமைப்புகளில் `Book Asset Depreciation Entry Automatically` என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால்தான் பதிவுகள் தானாகப் போகும். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபியில் `AFAB` என்ற கட்டளையைக் கொடுத்து மாதந்தோறும் ஓட்டுவார்கள். உண்மையாகப் பதிவதற்கு முன் சோதனையாக ஓட்டிப் பார்க்கவும் அதில் வழியுண்டு. சிறிய நிறுவனங்கள் பலவற்றில் இன்றும் எக்செல் தாளில் கணக்கிட்டு, ஆண்டுக் கடைசியில் ஒரே பதிவாகக் கையால் எழுதுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை மாத இலாபம் மிகையாகவும், மார்ச்சில் திடீரென்று நட்டமும் தெரியும்.

ஈஆர்பிநெக்ஸ்ட் படிவத்தில் என்னைக் கவர்ந்த, அதாவது பயமுறுத்திய, இரண்டு கட்டங்கள் உண்டு. `Total Number of Depreciations` ஒன்று. `Frequency of Depreciation (Months)` இன்னொன்று. நம் மெஷினுக்கு முதலாவதில் 180, இரண்டாவதில் 1 என்று போட வேண்டும். ஆயுள் 15 ஆண்டு என்ற நினைப்பிலேயே ஒருவர் முதலாவதில் 15 என்று போட்டு, இரண்டாவதில் 1 என்று விட்டால், மென்பொருள் மறுப்புச் சொல்லாது. 15 மாதத்தில் மெஷினை முழுவதும் தேய்த்துவிடும். மாதம் 9,500 போக வேண்டிய இடத்தில் 1,14,000 போகும். அது ஆண்டுத் தேய்மானத்தின் சரியான தொகை என்பதால், பார்க்கிற கண்ணுக்கு உடனே உறுத்தவும் உறுத்தாது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அட்டவணையின் கடைசி வரிக்குப் போய்த் தேதியைப் பார்ப்பது. 2039 செப்டம்பர் என்று இருக்க வேண்டும். 2025 டிசம்பர் என்றிருந்தால் படிவத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒவ்வொரு புதுச் சொத்துக்கும் இந்தக் கடைசி வரியைப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இனி, பதிவேடும் பேரேடும் ஏன் ஒத்துப்போவதில்லை என்ற கேள்வி. ஆண்டு இறுதியில் வகைவாரியாக இரண்டு தொகைகளை ஒப்பிட வேண்டும்: மொத்த விலை, திரண்ட தேய்மானம். பதிவேட்டில் இயந்திரங்களின் திரண்ட தேய்மானம் என்ன, பேரேட்டில் அந்தக் கணக்கின் இருப்பு என்ன. எஸ்ஏபியில் இதற்கென்றே `ABST2` என்ற அறிக்கை இருந்தது. மற்ற இடங்களில் இரண்டு அறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலே போதும். வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். வித்தியாசத்தின் தொகையே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

பதிவேட்டில் 57,000, பேரேட்டில் 66,500. வித்தியாசம் 9,500. இது நம் மெஷினின் சரியாக ஒரு மாதத் தேய்மானம். தானியங்கிப் பதிவை முடுக்கிவிடும் முன் யாரோ அக்டோபர் மாதத்துக்குக் கையால் ஒரு பதிவு போட்டிருக்கிறார்; பிறகு மென்பொருளும் தன் பங்குக்குப் போட்டிருக்கிறது. கையால் போட்டதைப் பதிவேடு அறியாது, ஏனென்றால் அந்தக் காலிக் கட்டத்தில் அதன் எண் ஏறவில்லை. மாறாக, மொத்த விலையில் 18,00,000 வித்தியாசம் என்றால், மெஷின் பில்லை நேரடியாகப் பேரேட்டில் எழுதிவிட்டுப் பதிவேட்டுப் படிவத்தை யாரும் திறக்கவே இல்லை என்று பொருள். பேரேட்டின் தேய்மானம் குறைவாக இருந்தால், மூடிவைத்த மாதத்தில் பதிய முயன்று தோற்றுப்போன வேலை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மார்ச் கணக்கைப் பூட்டிய பிறகு, பிப்ரவரியில் வந்த ஒரு சொத்தைப் பதிவேட்டில் ஏற்றினால் இப்படி ஆகும்: அட்டவணையில் பிப்ரவரி, மார்ச் வரிகள் இருக்கும், பேரேடு அவற்றை ஏற்காது. இரவில் ஓடும் வேலை தோற்றுப்போனால் ஆளை எழுப்பிச் சொல்வதில்லை. ஒரு மின்னஞ்சலோ, சிவப்பு நிறத்தில் ஒரு நிலையோதான் மிஞ்சும்.

இதனாலேயே கெட்டிக்காரக் கணக்காளர்கள் திரண்ட தேய்மானக் கணக்கில் கையால் பதிவிடும் உரிமையை யாருக்கும் தருவதில்லை. போதாததற்கு, 1-4-2023 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் பதிவாகியே தீர வேண்டும். அந்த வசதியை அணைத்துவைக்க முடியாது. பழைய பதிவைச் சத்தமில்லாமல் திருத்தி இரண்டு தொகைகளையும் ஒன்றாக்கிவிடும் வித்தை இனி ஆடிட்டர் கண்ணுக்குத் தப்பாது.

தொகைகள் ஒத்துப்போனாலும் பதிவேடு பொய்யாக இருக்கலாம். மெஷினை மூன்று ஆண்டு முன்பே வேறொரு யூனிட்டுக்குக் கொடுத்திருப்பார்கள், பதிவேட்டில் மட்டும் இன்னும் இரண்டாம் ஷெட்டில் நிற்கும். மாதம் தவறாமல் அதற்குத் தேய்மானமும் ஏறும். மென்பொருளால் ஷெட்டுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. ஆகவேதான் 'காரோ 2020' என்ற தணிக்கை அறிக்கை ஆணை பொருந்தும் நிறுவனங்களில், சொத்துகளின் எண்ணிக்கையும் இருக்கும் இடமும் பதிவேட்டில் முழுமையாக உள்ளனவா, நியாயமான இடைவெளியில் நேரில் சரிபார்த்தார்களா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டியிருக்கிறது. மெஷின் உடம்பில் உள்ள உற்பத்தி எண்ணைப் படிவத்தில் எழுதாத இடங்களில் இந்தச் சரிபார்ப்பு கேலிக்கூத்தாகிவிடும். ஒரே மாதிரி எட்டு மெஷின்கள் நின்றால், எது எந்த வரி என்று யார் சொல்வது?

திருப்பூருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நிட்டிங் மெஷின்கள் ஒரு ஷிப்டோடு நிற்பதில்லை. இரண்டாம் அட்டவணையின் ஆயுள் ஒற்றை ஷிப்டை வைத்துச் சொன்னது. இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானத்தை 50 சதவீதமும், மூன்று ஷிப்டுக்கு 100 சதவீதமும் கூட்ட வேண்டும். நம் மெஷின் இரண்டு ஷிப்ட் ஓடினால் மாதம் 9,500 அல்ல, 14,250. எப்போதும் அப்படியே ஓடினால் 17,10,000 ரூபாயும் 180 மாதத்தில் அல்ல, 120 மாதத்தில் எழுதி முடிந்துவிடும். ஆனால் ஆரம்பத்தில் தயாரித்த அட்டவணைக்கு ஷிப்ட் தெரியாது. உற்பத்திப் பிரிவின் ஷிப்ட் விவரம் கணக்குப் பிரிவுக்கு வந்து, அவர்கள் அட்டவணையைத் திருத்தினால்தான் உண்டு. இந்த இரண்டு அறைகளுக்கும் இடையே அப்படியொரு தாள் போவதே இல்லை என்றால், எல்லாம் தானாக நடக்கிறது என்ற நிம்மதியில் ஆண்டுக்கு 57,000 ரூபாய் குறைத்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஆயுளை நடுவில் மாற்றவும் செய்யலாம். ஒற்றை ஷிப்டிலேயே ஓடி ஐந்து ஆண்டு ஆன மெஷின் இனி பத்து ஆண்டு தாங்காது, ஐந்துதான் என்று தெரிகிறது என்றால், பழைய 60 பதிவுகளைத் தொடக்கூடாது. அன்றைய மதிப்பு 12,30,000. எஞ்சு மதிப்பு 90,000 போக 11,40,000ஐ மீதி 60 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 19,000. மென்பொருள் பழைய அட்டவணையின் நிரம்பாத வரிகளை நீக்கிவிட்டுப் புதிய வரிகளை எழுதும்.

அதே தருணத்தில், 30-9-2029 அன்று, மெஷினை 9 லட்சத்துக்கு விற்றுவிட்டால்? அன்றுவரையான தேய்மானத்தை முதலில் எழுதி முடிக்க வேண்டும். பிறகு ஒரே பதிவில் எல்லாம் வெளியேறும். வங்கிக் கணக்குக்குப் பற்று 9,00,000. திரண்ட தேய்மானத்துக்குப் பற்று 5,70,000. சொத்து விற்ற நட்டத்துக்குப் பற்று 3,30,000. மெஷின் கணக்குக்கு வரவு 18,00,000. பதிவேட்டில் அந்த வரியின் நிலை 'விற்கப்பட்டது' என்று மாறும். மிச்சமிருந்த 120 வரிகள் ரத்தாகும். விற்ற பணத்தை 'இதர வருமானம்' என்று எழுதிவிட்டுப் படிவத்தைத் தொடாமல் விட்டால், இல்லாத மெஷினுக்கு 2039 வரை தேய்மானம் ஏறிக்கொண்டிருக்கும்.

வருமான வரியில் இதே விற்பனை வேறு முகம் காட்டுகிறது. அங்கே மெஷின் வாரியாகக் கணக்கு கிடையாது. ஒரே விகிதமுள்ள ஒரே வகைச் சொத்துகள் எல்லாம் ஒரு தொகுப்பு. 15 சதவீதம் வீதம் ஐந்து நிதியாண்டுகள் குறைந்துவந்த நம் மெஷினின் பங்கு தொகுப்பில் இப்போது சுமார் 7,98,670 ரூபாய்தான். ஆனால் விற்ற பணமான 9,00,000 முழுவதும் தொகுப்பிலிருந்து கழியும். கூடுதலாகப் போகும் 1,01,330 மற்ற மெஷின்களின் மதிப்பைக் கரைத்து, அவற்றுக்கு இனி கிடைக்கும் தேய்மானத்தைக் குறைக்கும். தொகுப்பில் வேறு மெஷினே இல்லையென்றால் அந்த 1,01,330 அந்த ஆண்டிலேயே குறுகிய கால மூலதன ஆதாயமாகி வரிக்கு உட்படும். நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கிலோ அதே மெஷினை விற்றதில் 3,30,000 நட்டம் என்று அச்சாகியிருக்கும். இரண்டு கணக்கும் சரிதான். ஒரே மெஷினை ஒன்று 15 ஆண்டில் நேர்கோட்டில் தேய்த்தது, மற்றது தொகுப்போடு சேர்த்து வேகமாகத் தேய்த்தது.